ஆப்பில் லாபம், அக்கவுன்ட்டில் நஷ்டம்

கேள்வி: அண்ணா, எனக்கு தண்டையார்பேட்டை. மணலியில ஒரு கன்டெய்னர் யார்டுல சூப்பர்வைசரா இருக்கேன். மூணு மாசமா போன்ல இன்ட்ராடே பண்றேன், அன்னைக்கு வாங்குன பங்கை அன்னைக்கே விக்கிறது. 40,000 போட்டேன். ஒவ்வொரு தடவையும் ஐம்பதாயிரம் ரூபாய்க்கு வாங்கி விப்பேன், ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவை. சாயங்காலம் ஆப் காட்டுற தொகையை நோட்டுல எழுதி வெச்சிருக்கேன், கூட்டினா 4,100 லாபம் வருது. ஆனா அக்கவுன்ட்ல 25,000 தான் இருக்கு. ஏமாத்துறாங்களா? அப்புறம், போனைக் கையில எடுத்தாலே ஒரு டிரேட் போடாம கீழ வைக்க முடியல. இதை எப்படி நிறுத்துறது?

பதில்:

தம்பி, யாரும் ஏமாற்றவில்லை. உங்கள் நோட்டும் சரி, அக்கவுன்ட்டும் சரி. இரண்டும் வேறு வேறு கணக்கு, அவ்வளவுதான். பழைய வண்ணாரப்பேட்டையில் வருமான வரிக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். கடந்த சில வருடங்களில் உங்களைப் போலவே "லாபம்தான் சார், ஆனா பணத்தைக் காணோம்" என்று வந்து உட்கார்ந்த பையன்கள் பல பேர். எல்லாரிடமும் முதலில் கேட்பது கான்ட்ராக்ட் நோட்டைத்தான். தினமும் மார்க்கெட் முடிந்ததும் மெயிலில் ஒரு பிடிஎஃப் வருமே, பெரும்பாலும் பான் நம்பரைப் போட்டால்தான் திறக்கும், அது. இதுவரை ஒருவர்கூட அதைத் திறந்து பார்த்தேன் என்று சொன்னதில்லை.

ஆப்பில் பொசிஷன் பக்கத்தில் பச்சையாகத் தெரியும் தொகை, விற்ற விலையில் வாங்கிய விலையைக் கழித்தது மட்டும். செலவு அதில் சேராது. ஒரு தடவை வாங்கி விற்பதை ஒரு ரவுண்டு என்று வைத்து, உங்கள் ஒரு ரவுண்டை எடுத்துக்கொள்வோம். ஒரு பங்கு 500 ரூபாய், நூறு பங்கு வாங்குகிறீர்கள். ஐம்பது பைசா ஏறியதும் விற்கிறீர்கள். திரையில் 50 ரூபாய் லாபம், பச்சை. இப்போது செலவைப் பாருங்கள்.

புரோக்கரேஜ் பல ஆப்களில் "20 ரூபாய் அல்லது 0.03 சதவீதம், எது குறைவோ அது". 50,000-க்கு 0.03 சதவீதம் என்றால் 15 ரூபாய். வாங்க 15, விற்க 15, மொத்தம் 30. அடுத்து எஸ்.டி.டி. என்ற பங்குப் பரிவர்த்தனை வரி. இன்ட்ராடேயில் விற்கும்போது மட்டும் 0.025 சதவீதம், அதாவது பன்னிரண்டரை ரூபாய். எக்ஸ்சேஞ்ச் கட்டணம் லட்சத்துக்கு மூன்று ரூபாய் அளவில். வாங்கியதும் விற்றதும் சேர்ந்தால் ஒரு லட்சம்தானே, ஆக மூன்று ரூபாய். வாங்கும் பக்கம் முத்திரைத்தீர்வை ஒன்றரை ரூபாய். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பின் கட்டணம் பத்துப் பைசா. புரோக்கரேஜ், எக்ஸ்சேஞ்ச் கட்டணம், செபி கட்டணம் மூன்றுக்கும் சேர்த்து 18 சதவீத ஜி.எஸ்.டி., கிட்டத்தட்ட ஆறு ரூபாய். எல்லாம் கூட்டினால் 53 ரூபாய்.

ஆக, திரையில் 50 ரூபாய் லாபம் பார்த்த அந்த ரவுண்டில் உங்களுக்கு மூன்று ரூபாய் நஷ்டம். சில ஆப்களில் சதவீதக் கணக்கே கிடையாது, ஆர்டருக்கு நேராக 20 ரூபாய். அங்கே ஐயாயிரம் ரூபாய்க்குச் சின்னதாக விளையாடுகிறேன் என்று இறங்கினால் இன்னும் மோசம். போக வர ஐம்பது ரூபாய் பக்கம் போய்விடும், அதாவது ஒரு சதவீதம். அன்றைக்குள் பங்கு ஒரு சதவீதம் ஏறினால்தான் போட்ட காசாவது திரும்பும்.

உங்கள் மூன்று மாதத்துக்கு வருவோம். சுமார் அறுபது வேலை நாள், நாளுக்கு ஆறு ரவுண்டு, மொத்தம் 360. ரவுண்டுக்கு 53 வீதம் 19,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. நோட்டில் இருக்கும் 4,100 லாபத்தில் இதைக் கழியுங்கள். 15,000 நஷ்டம். 40,000-இல் 15,000 போனால் 25,000. உங்கள் அக்கவுன்ட் சொல்வதும் அதைத்தான். அந்தப் பத்தொன்பதாயிரத்தில் கிட்டத்தட்ட 11,000 புரோக்கரேஜ், 4,500 எஸ்.டி.டி., மீதி ஜி.எஸ்.டி.யும் சில்லறைக் கட்டணங்களும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. உங்கள் பணம் 40,000-தான், ஆனால் ஒவ்வொரு தடவையும் 50,000-க்கு வாங்குகிறீர்கள். இன்ட்ராடேயில் பல பங்குகளுக்கு ஐந்து மடங்கு வரை மார்ஜின் கிடைப்பதால்தான் அது முடிகிறது. அந்த 50,000-க்கு உங்கள் பணத்திலிருந்து பிடித்து வைத்தது பத்தாயிரம் அளவுக்குத்தான் இருக்கும். ஆனால் புரோக்கரேஜும் வரியும் பத்தாயிரத்துக்கு இல்லை, முழு ஐம்பதாயிரத்துக்கு. மூன்று மாதத்தில் நீங்கள் வாங்கி விற்ற மொத்தம் 3 கோடியே 60 லட்சம் ரூபாய். மணலியில் சம்பளத்துக்கு இருந்துகொண்டு மூன்றரைக் கோடிக்கு வியாபாரம்! அதற்கான கட்டணம்தான் உங்கள் நாற்பதாயிரத்திலிருந்து போயிருக்கிறது. நம்ம பக்கம் கடைக்காரர்கள் தண்டல் வாங்குவார்களே, அதை நினைத்துப் பாருங்கள். தினம் வந்து வாங்கிப் போகும் தொகை சின்னதாகத்தான் தெரியும். ஆனால் தண்டல்காரர் வாசலில் வந்து நிற்பார், அட்டையில் கையெழுத்துப் போடுவார், எவ்வளவு கட்டினோம் என்று தெரியும். ஆப் வாசலில் வந்து நிற்பதில்லை.

நீங்கள் மோசமான டிரேடர் என்றும் சொல்லமாட்டேன். செலவுக்கு முன்னால் ரவுண்டுக்குச் சராசரி பதினோரு ரூபாய் சம்பாதித்திருக்கிறீர்கள். அந்தப் பதினொன்றைச் சம்பாதிக்க 53 கட்டியிருக்கிறீர்கள். ரவுண்டைக் குறைத்தால் மட்டும் லாபம் வந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். நாளுக்கு ஒரே ரவுண்டு என்றாலும், சராசரி அதே பதினொன்றாக இருந்தால், மூன்று மாதத்தில் சுமார் 2,500 நஷ்டம்தான். குறைத்தால் நஷ்டம் மெதுவாகும், அவ்வளவே. சராசரி 53-ஐத் தாண்டினால்தான் முதல் ரூபாய் உங்களுடையது.

இது உங்கள் ஒருவர் கதை இல்லை. 2022-23 நிதியாண்டில் இன்ட்ராடே செய்த தனிநபர்களை வைத்து செபி ஓர் ஆய்வு செய்து 2024 ஜூலையில் வெளியிட்டது. பத்தில் ஏழு பேருக்கு நஷ்டம். வருடத்துக்கு 500 தடவைக்கு மேல் டிரேட் போட்டவர்களில் 80 சதவீதம் பேருக்கு நஷ்டம். நஷ்டப்பட்டவர்கள், டிரேடில் இழந்த தொகை போக, அந்தத் தொகையில் 57 சதவீதம் அளவுக்குக் கட்டணமாகவும் கட்டியிருக்கிறார்கள். நீங்கள் மூன்று மாதத்திலேயே 360.

சரி, போனை ஏன் கீழே வைக்க முடியவில்லை என்று கேட்டீர்கள். உங்கள் மனசு பலவீனம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்த ஆப்பில் எது சுலபம், எது கஷ்டம் என்று பாருங்கள். வாங்குவதற்கு விரலால் ஒரு தள்ளு. விற்க ஒரு தள்ளு. யூபிஐயில் பணம் போட அரை நிமிஷம். செலவுக் கணக்கைப் பார்க்க வேண்டுமென்றால் மட்டும் மெனுவுக்குள் மெனு, ரிப்போர்ட், தேதி, டவுன்லோடு. திறந்ததுமே இன்று அதிகம் ஏறியவை, அதிகம் பேர் வாங்கியவை என்று ஒரு பட்டியல். நீங்கள் எதையும் தேடி வரவில்லை, ஆனால் தேடுவதற்கு அவர்களே ஒன்றைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். எண்கள் நொடிக்கு நொடி சிவப்பும் பச்சையுமாக மினுக்கும். ஆர்டருக்கு இவ்வளவு என்று வாங்கும் புரோக்கருக்கு உங்கள் லாப நஷ்டத்தில் பங்கு கிடையாது, ஆர்டரின் எண்ணிக்கையில்தான் வருமானம்.

அமெரிக்காவில் ராபின்ஹுட் என்ற ஆப், டிரேட் போட்டதும் திரை முழுக்க வண்ணக் காகிதம் தூவும். அதையும் காட்டித்தான் 2020 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநில அதிகாரிகள் அதன்மேல் புகார் கொடுத்தார்கள். 2021 மார்ச்சில் காகிதத்தை எடுத்துவிட்டார்கள். 2024 ஜனவரியில் 75 லட்சம் டாலர் கட்டி அந்த வழக்கை முடித்துக்கொண்டார்கள். கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தின் பங்குச் சந்தை ஆணையம் 2022-இல் ஒரு சோதனை வெளியிட்டது. பொம்மைப் பணத்தில் டிரேட் செய்யச் சொல்லி, ஒரு பகுதியினருக்கு மட்டும் வாங்கினால் விற்றால் பாயின்ட் கொடுத்தார்கள். அந்தப் பாயின்ட்டுக்குப் பெரிய மதிப்பு எதுவும் இல்லை. ஆனாலும் அவர்கள் மற்றவர்களைவிட 39 சதவீதம் அதிகமாக டிரேட் போட்டார்கள். கேரம் கிளப்பில் காசு வைக்காமல் ஆடும்போதுகூட ஸ்கோர் எழுத ஒருவன் உட்கார்ந்தால் ஆட்டம் மாறுகிறதே, அதுதான்.

எச்சரிக்கை காட்டினால் போதும் என்பதும் சரியில்லை. 2023 ஜூலையிலிருந்து ஆப்பில் நுழையும்போதே, எஃப் அண்ட் ஓ எனப்படும் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வியாபாரத்தில் பத்தில் ஒன்பது பேருக்கு நஷ்டம் என்று காட்டச் சொல்லி செபி வைத்திருக்கிறது. எனக்குத் தெரிந்த எல்லாரும் அதைப் படிக்காமலே கட்டைவிரலால் தள்ளிவிட்டு உள்ளே போகிறார்கள்.

இப்போது ஒரு வேலை செய்யுங்கள். இன்று புதிதாக எதையும் வாங்காதீர்கள். ஆர்டர் ஹிஸ்டரியில் ஒவ்வொரு ஆர்டருக்கும் மணி, நிமிஷம் இருக்கும். ஒரு வாரத்து ஆர்டர்களை எடுத்து, நேரத்தைக் காகிதத்தில் எழுதுங்கள். கொருக்குப்பேட்டைப் பையன் ஒருவனுக்கு என் மேஜையிலேயே உட்கார்ந்து இதைச் செய்தோம். ஒரு நாளில் அவனுக்குப் பதினொரு ரவுண்டு. முதல் இரண்டும் காலை ஒன்பதரைக்குள், முந்தின இரவே யோசித்து வைத்தவை. இரண்டாவதில் 300 ரூபாய் போயிற்று. அடுத்த ஒன்பதும் அதற்குப் பின் நாற்பது நிமிஷத்துக்குள். ஒன்றை விற்று இரண்டு நிமிஷம் ஆவதற்குள் அடுத்ததை வாங்கியிருக்கிறான். அந்த ஒன்பதில் செலவுக்கு முன் அறுபது ரூபாய் லாபம், செலவு 477. போன 300-ஐ மீட்கப் போய் மேலும் நானூற்றுச் சொச்சம் விட்டிருக்கிறான். அந்தத் தாளைப் பார்த்ததும் அவன் சொன்னது, "சார், இது நான் இல்ல சார்."

உங்களுக்கு அந்த நேரம் வேறாக இருக்கலாம். யார்டு வேலை என்கிறீர்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரி வரிசை நகராமல் நிற்கும்போது, கேட் பாஸுக்குக் காத்திருக்கும்போது, சாப்பாட்டுக்குப் பின் அரைத் தூக்கத்தில் என்று உங்கள் ஆர்டர்கள் கொத்துக் கொத்தாக விழுந்திருக்கும் என்று என் ஊகம். அது மார்க்கெட்டைப் பார்த்து எடுத்த முடிவு இல்லை, சும்மா இருக்க முடியாமல் எடுத்தது. தாளில் அது தெரிந்துவிட்டால், எந்த நேரத்தில் போன் எங்கே இருக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

அப்புறம், மன உறுதியை நம்பாதீர்கள். ஆப் எதையெல்லாம் சுலபமாக்கி வைத்திருக்கிறதோ அதையெல்லாம் நீங்கள் கொஞ்சம் கஷ்டமாக்க வேண்டும். முதலில் பணம். டிரேடிங் அக்கவுன்ட்டில் சும்மா கிடக்கும் பணத்தை, மாதம் ஒரு முறை அல்லது மூன்று மாதத்துக்கு ஒரு முறை புரோக்கர் உங்கள் வங்கிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது விதி. எது வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது நீங்கள். மாதம் என்று மாற்றுங்கள். இணைத்திருக்கும் வங்கிக் கணக்கு சம்பளக் கணக்காக இருந்தால், வேறு ஒன்றை, முடிந்தால் யூபிஐ போடாத ஒன்றை இணையுங்கள். பணம் போட வேண்டும் என்று தோன்றி, போய்ச் சேர ஒரு நாள் ஆனால், பாதி ஆசை அடங்கிவிடும்.

இரண்டாவது, ஆப்பையே பூட்டுவது. ஜெரோதா போன்ற சில புரோக்கர்களிடம் கில் ஸ்விட்ச் என்று ஒன்று இருக்கிறது. வேண்டிய பிரிவை அணைத்துவிடலாம், மறுபடி திறக்கப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். நஷ்டத்தில் கொதித்துக்கொண்டிருப்பவனுக்கு ஒரு ராத்திரி போதும். ஆனால் வாங்கி இன்னும் விற்காத பொசிஷன் கையில் இருக்கும்போது அது வேலை செய்யாது, முடித்துவிட்டுத்தான் அணைக்க முடியும். அதனால் கொதிப்பு வந்த பிறகு தேடாதீர்கள், காலையில் யோசித்து வைத்த ஒரு டிரேட் முடிந்ததும் அணையுங்கள். உங்கள் புரோக்கரிடம் இது இல்லையென்றால், எல்லாப் புரோக்கரும் வைத்திருக்க வேண்டிய இன்னொரு வழி உண்டு. 2024 ஜூலையிலிருந்து வாடிக்கையாளர் தானே அக்கவுன்ட்டின் ஆன்லைன் அணுகலை முடக்கக் கேட்கலாம். அதற்கென `stoptrade@` என்று தொடங்கும் ஒரு மெயில் முகவரி ஒவ்வொரு புரோக்கரிடமும் இருக்கும், அல்லது ஆப்பிலேயே இருக்கும். யாரோ உங்கள் அக்கவுன்ட்டில் புகுந்துவிட்டால் பூட்டுவதற்காக வந்த வசதி அது. தனக்குத் தானே பூட்டிக்கொள்ளவும் உதவும். திறக்கச் சரிபார்ப்பெல்லாம் நடக்கும், உடனே திறக்காது. நமக்கு வேண்டியதும் அதுதானே.

எஃப் அண்ட் ஓ திறந்து வைத்திருந்தால் புரொஃபைலில் போய் மூடிவிடுங்கள். விலை அலர்ட், பரிந்துரை, "இன்றைய டாப்" அறிவிப்புகளை போன் செட்டிங்ஸில் ஒவ்வொன்றாக அணையுங்கள். ஆர்டர் நிறைவேறியது, பணம் வந்தது, இந்த இரண்டு மட்டும் இருக்கட்டும். பாதுகாப்புக்கு அவை வேண்டும்.

இன்ட்ராடே இல்லாமல், பங்கை வாங்கி வைத்திருக்கும் டெலிவரி முறைக்கு மாறினால் இன்னொரு சின்ன வேகத்தடை கிடைக்கும். ஆப் உங்களிடம் டி.டி.பி.ஐ. என்ற அதிகாரப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கும், போட்டால் விற்பது சுலபம் என்று சொல்லும். போடாமல் விடலாம், கட்டாயமில்லை. அப்போது பங்கை விற்க, உங்கள் பங்குகளைக் கணக்கில் வைத்திருக்கும் டிபாசிட்டரியின் டி-பின்னும் ஓ.டி.பி.யும் போட்டு அனுமதி கொடுக்க வேண்டும். கோபத்தில் விற்கப் போனவனை அந்த ஒரு நிமிஷம் நிறுத்தும். 25,000 ரூபாய்க்கு ஒரு பங்கை வாங்கி ஒரு வருடம் கழித்து விற்றால், பல ஆப்களில் எல்லாச் செலவும் சேர்ந்து நூறு ரூபாய் பக்கம்தான். நீங்கள் இப்போது இரண்டு ரவுண்டுக்குக் கட்டும் தொகை அது. அந்தப் பங்கு ஏறும் என்று நான் சொல்லவில்லை. செலவை மட்டும் சொல்கிறேன்.

இதிலெல்லாம் ஓட்டை எங்கே என்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆப்பைப் பூட்டிவிட்டு இன்னொரு ஆப்பில் அக்கவுன்ட் திறப்பார்கள். ஆதாரும் பானும் இருந்தால் சீக்கிரமே திறந்துவிடும், முதல் மாதம் புரோக்கரேஜ் இலவசம் என்றும் இருக்கும். புரோக்கரேஜ்தான் இலவசம், எஸ்.டி.டி. இலவசம் இல்லை. உங்களுக்கு அப்படி இரண்டாவது அக்கவுன்ட் திறக்கத் தோன்றினால், அல்லது நஷ்டத்தை வீட்டில் மறைக்க ஆரம்பித்தால், அல்லது கடன் வாங்கிப் போடத் தோன்றினால், செட்டிங்ஸ் வேலையெல்லாம் போதாது. அக்கவுன்ட்டின் வரவு செலவு முழுதும் இருக்கும் லெட்ஜரை வீட்டில் ஒருவரிடம் காட்டிப் பேசுங்கள். தமிழ்நாடு அரசின் 104 உதவி எண்ணில் மனநல ஆலோசனையும் உண்டு, வெட்கப்பட வேண்டாம்.

நான் யோசனை சொன்னவர்களில் காசிமேட்டுத் தம்பி ஒருவன் தன் வழியில் ஒன்று கண்டுபிடித்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலம் அவன் வீட்டுக்குப் புதிது இல்லை. வலையைச் சரிசெய்வார்கள், படகுக்குப் பெயின்ட் அடிப்பார்கள். அதே 61 நாளைத் தன் அக்கவுன்ட்டுக்கும் வைத்தான். அந்த நாட்களில் காகிதத்தில் மட்டும் எழுதினான்: எதை, என்ன விலையில், ஏன் வாங்கியிருப்பேன் என்று, ரவுண்டுக்கு 53 ரூபாயைக் கழித்து. முதல் வாரம் தாளில் முப்பது ரவுண்டு. கடைசி வாரத்தில் இரண்டு. பேனாவால் எழுதிக் கழிக்க வேண்டும் என்றதும் ஆசை குறைந்துவிட்டது என்றான். அவன் திரும்ப இன்ட்ராடேவுக்கு வரவில்லை.

உங்கள் நோட்டையும் தூக்கிப் போடாதீர்கள், எழுதுவதை மட்டும் மாற்றுங்கள். திரையில் தெரியும் தொகை வேண்டாம். வாரம் ஒரு முறை, சனிக்கிழமை, லெட்ஜரில் இருக்கும் இருப்பை எழுதுங்கள். நடுவில் பணம் போட்டிருந்தால் கழியுங்கள், எடுத்திருந்தால் கூட்டுங்கள். அந்த ஒரு எண் போதும்.

ஒரு வரி விஷயம். இன்ட்ராடே லாப நஷ்டம் ஸ்பெகுலேஷன் வியாபாரக் கணக்கில் வரும். சம்பளக்காரர் என்று நினைத்து ஐ.டி.ஆர்.-1 போட முடியாது, ஐ.டி.ஆர்.-3 வேண்டும். புரோக்கரேஜையும் எஸ்.டி.டி.யையும் செலவாகக் காட்டலாம். கெடு தேதிக்குள் தாக்கல் செய்தால் அந்தப் பதினைந்தாயிரம் நஷ்டத்தை நான்கு வருடம் வரை எடுத்துச் செல்லலாம், ஆனால் இதே வகை லாபத்தில் மட்டுமே கழிக்க முடியும், சம்பளத்தில் கழியாது. தாக்கல் செய்யப் போகும்போது ஆப்பின் ஸ்கிரீன்ஷாட்டைக் கொண்டுபோகாதீர்கள். டாக்ஸ் பி அண்ட் எல் ரிப்போர்ட்டும் முழு வருட லெட்ஜரும் எடுத்துப் போங்கள்.